மிளகாய்க் கொல்லைக்குச் சொட்டுநீர்: படம் காட்டிப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களுக்கு

நான் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு பைப் கடையில் வேலை செய்கிறேன். எஸ்டேட்டில் ஓய்வு பெற்றவர்கள் பலர் வீட்டுக்குப் பின்னால் இருநூறு, முந்நூறு பாலிபேக்கில் மிளகாய் போடுகிறார்கள். செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரிப்பர் வாங்க என்னிடம்தான் வருவார்கள். மூன்று வாரம் கழித்து, "தம்பி, பாதிச் செடிக்குத் தண்ணி வரல" என்று திரும்பி வருவார்கள். கோயில் கமிட்டித் தலைவர் ஒருநாள் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்கார வைத்து ஒரே முறையாகச் சொல்லிக் கொடுத்துவிடு என்றார். சரி என்றேன்.

முதல் தடவை 46 சிலைடு செய்தேன். பாதிப் படங்கள் ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலில் இருந்து எடுத்தவை. டிரிப்பரைக் குறுக்கே வெட்டிக் காட்டி, உள்ளே தண்ணீர் சுற்றி வரும் பாதையெல்லாம் வண்ணத்தில் இருக்கும். முன்வரிசையில் இருந்த பழைய மண்டோர் ஒருவர் கையைத் தூக்கி, "பைப்பை ஏன் தம்பி பாதியில வெட்டிப் போட்டிருக்காங்க? ஒழுகாதா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. அன்றைக்கு வந்த பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட அதன்பிறகு பில்டரைச் சரியாகக் கழுவவில்லை. இரண்டாம் தடவை 14 சிலைடோடு போனேன், அது வேலை செய்தது. இடையில் நான் பட்டதை நீங்கள் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. இடம், கடிதம், நாள்: நான்கு வாரம் முன்னால்

படம் வரைவதற்கு முன்னால் இடத்தைப் பிடியுங்கள். பாலாய் ராயா வேண்டுமென்றால் கிராமக் கமிட்டிக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும். தேதி, நேரம், எத்தனை பேர், புரொஜெக்டர் வேண்டுமா, யார் பொறுப்பு என்ற ஐந்தையும் அதில் எழுதி, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். நான் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். அன்று காலை போய்ப் பார்த்தால் மண்டபத்தில் கல்யாண நாற்காலி அடுக்கியிருந்தது. இரண்டாம் தடவை கோயில் மண்டபத்தை எடுத்தேன். வாடகை இல்லை, கூட்டிப் பெருக்க 50 வெள்ளி கொடுத்தேன்.

இன்னொரு தாள் படத்துக்கானது. ஒருவருடைய கொல்லையில் படம் எடுத்தால், அதில் அவர் கையோ முகமோ இருந்தால், காட்டலாமா என்று கேட்டு இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பழுதான கொல்லையைப் படம் எடுத்தால் இது கட்டாயம். "என் கொல்லையைத்தான் ஊருக்கெல்லாம் காட்டினாயா?" என்று ஒருவர் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. இப்போதெல்லாம் பழுதுப் படங்களை என் சொந்தப் பாலிபேக்கிலேயே வேண்டுமென்று செய்து எடுக்கிறேன்.

நாளைப் பொறுத்தவரை ஞாயிறு காலை 8:30 நல்லது. மத்தியானம் வைத்தால் இடியும் மழையும் வந்து கொல்லைக்குப் போக முடியாது. கரண்டும் போகலாம். பக்கத்து எஸ்டேட் கோயில்களில் திருவிழா இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

2. ஒரே ஒரு கொல்லையை எடுத்துக்கொள்ளுங்கள்

சொட்டுநீர் என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால் செம்பனைக்கும் துரியானுக்கும் பாத்திக் கீரைக்கும் போய்விடுவீர்கள். வருகிறவர்கள் எதைப் பயிர் செய்கிறார்களோ அதில் ஒரு கொல்லையை அளந்து, கடைசிச் சிலைடு வரை அதையே காட்டுங்கள். நான் எடுத்துக்கொண்டது இதுதான்: 200 பாலிபேக், நான்கு வரிசை, வரிசைக்கு 50. பைக்குப் பை இரண்டடி, ஆக வரிசை நூறு அடி நீளம். ஒவ்வொரு பைக்கும் மணிக்கு 2 லிட்டர் விடும் ஒரு டிரிப்பர்.

இந்தக் கணக்கை ஒரே சிலைடில் போடுங்கள், ஆனால் எண்ணாகப் போடாதீர்கள். வளர்ந்த செடிக்கு நாளுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு செடியும் பக்கத்தில் ஒரு லிட்டர் போத்தல் இரண்டும் வரைந்தால் போதும். அதை ஒரே மூச்சில் ஊற்றினால் பையின் அடியில் ஓடிவிடும். அதனால் பத்துப் பத்து நிமிடமாக ஆறு தடவை. அதற்கு ஆறு சின்னக் கடிகாரம் வரையுங்கள். 200 செடிக்கு 400 லிட்டர், அதாவது இருநூறு லிட்டர் நீலத் தோங் இரண்டு. இங்கே நீலத் தோங்கைத் தெரியாதவர் இல்லை. "நானூறு லிட்டர்" என்றபோது தலையாட்டியவர்கள், இரண்டு தோங்கைப் பார்த்ததும் "என் தொட்டி பத்தாதே" என்றார்கள்.

3. முழுப் படம்: தண்ணீர் போகும் வழியிலேயே வரையுங்கள்

எல்லாச் சிலைடுக்கும் தாய் ஒரே படம்தான். இடப்பக்கம் தோங், அடுத்து பம்ப், பில்டர், வால்வு, பெரிய பைப், அதிலிருந்து நான்கு சின்ன பைப், முனையில் பாலிபேக். அடுத்து வரும் ஒவ்வொரு சிலைடின் மூலையிலும் இந்தப் படத்தைச் சின்னதாகப் போட்டு, இப்போது பேசப்போகும் இடத்தை மட்டும் மஞ்சளாக்குங்கள். பில்டர் என்பது தோங்குக்கு முன்னாலா பின்னாலா என்ற குழப்பம் அதோடு போய்விடும்.

படம் வரையும்போது நான் செய்த தப்புகளைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் காட்டப் பைப்பையே நீலமாக்கினேன். "நீலப் பைப் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்கள். பைப் கறுப்பாகவே இருக்கட்டும், அதன் மேலே ஓடும் அம்புக்குறி மட்டும் நீலமாக இருக்கட்டும். டிரிப்பரைப் பெரிதாக்கி வட்டத்துக்குள் போட்டேன். ஒரு பாட்டி அதைத் தேங்காய் அளவுப் பொருள் என்று நினைத்துவிட்டார். பெரிதாக்கிக் காட்டும் எந்தப் பொருளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள், அளவு தானாகத் தெரியும். குறுக்குவெட்டுப் படத்தை விட்டேவிடுங்கள். உள்ளே இருப்பதைக் காட்டவேண்டுமானால் நிஜமான டிரிப்பரைக் கழற்றி இரண்டு துண்டாக மேசையில் வைத்துப் படம் எடுங்கள்.

பெருக்கல் குறி விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. தப்பான முறைக்கு மேல் சிவப்பில் பெரிய ✗ போட்டேன். நம் நாட்டில் ஓட்டுச் சீட்டில் நமக்கு வேண்டியவருக்குத்தான் ✗ போடுகிறோம்! இரண்டு பேர் அந்தப் படத்தைத்தான் செய்ய வேண்டியது என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது தப்புப் படத்துக்குத் தடித்த சிவப்புக் கட்டமும் நிறுத்துவதுபோல் விரித்த கையும் போடுகிறேன். சரியான படத்துக்குப் பச்சைக் கட்டம்.

4. செய்முறைப் படங்கள்: ஒரு படத்தில் ஒரு கைவேலை

கடைத் தட்டில் கிடக்கும் சாமான்களைப் படம் எடுத்து வரிசையாகப் போட்டால் அது விலைப்பட்டியல்தான். செய்முறைப் படத்தில் கை இருக்கவேண்டும். கை என்ன செய்கிறதோ அதுதான் செய்தி. வெள்ளைத் துணியோ சிமெண்டுத் தரையோ பின்னால் இருக்கட்டும். கறுப்புப் பைப்பை மண்ணில் வைத்து எடுத்தால் ஒன்றும் தெரியாது. காலை ஒன்பது மணிக்குள் நிழலில் எடுங்கள். பிளாஷ் போட்டால் பைப் பளபளத்துத் துளை மறைந்துவிடும். போட்டோகிராபர் எப்போதும் வேலை செய்கிறவரின் தோளுக்குப் பின்னால் நிற்கவேண்டும். எதிரே நின்று எடுத்தால் இடது வலது மாறி, பார்க்கிறவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

டிரிப்பர் பொருத்துவதை ஐந்து படமாகப் பிரித்தேன். முதல் படத்தில் 16 மில்லிமீட்டர் சின்ன பைப்பை வெயிலில் நீட்டிப்போட்டு, சுருள் நேரான பிறகு முனைகளைக் கட்டுகிறோம். இரண்டாவதில் துளைபோடும் கருவியைப் பைப்பின் மேல்பக்கத்தில் நேராக நிறுத்துகிறோம். மூன்றாவதில் அழுத்தியாகிவிட்டது, வட்டத் துணுக்கு ஒன்று வெளியே வந்து உள்ளங்கையில் கிடக்கிறது. இந்தத் துணுக்கைக் கட்டாயம் காட்டுங்கள். அது பைப்புக்குள் விழுந்தால் முதல் நாளே எங்காவது ஒரு டிரிப்பரை அடைக்கும். நான்காவதில் டிரிப்பர் 'டக்' என்று உட்காரும் வரை கட்டைவிரல் அழுத்துகிறது. ஐந்தாவதில் டிரிப்பரிலிருந்து வரும் சின்னக் குழாயைப் பைக்குள் குச்சியோடு நட்டு, செடித் தண்டிலிருந்து மூன்று விரல் தள்ளி வைக்கிறோம்.

இதற்கு ஜோடியாகச் சிவப்புக் கட்டத்தில் ஒரே படம்: நெருப்பில் காய்ச்சிய ஆணி. எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் துளை போடுகிறார்கள். ஆணித் துளை நீளவாக்கில் உருகி விரியும், டிரிப்பர் ஆடும், பக்கவாட்டில் ஒழுகும். ஒழுகும் துளியையும் அதே படத்தில் காட்டவேண்டும். காரணம் தெரியாமல் "ஆணி கூடாது" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பெரிய பைப்போடு சின்ன பைப்பின் முனையைச் சேர்க்கும்போது கெட்டியாக இருந்தால், பைப் முனையைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுப்பதற்கும் ஒரு படம் வையுங்கள். அவ்வளவுதான், பொருத்தும் வேலைக்கு இதற்குமேல் வேண்டாம்.

பொருத்தி முடித்ததும் ஒன்று இருக்கிறது, எல்லாரும் அதைத் தாண்டிவிடுகிறார்கள். நான்கு வரிசையின் கடைசி முனையையும் மூடுவதற்கு முன்னால் பம்பைப் போட்டு, வரும் தண்ணீர் தெளியும் வரை ஓடவிட வேண்டும். முதலில் பிளாஸ்டிக் தூள், மண், சில சமயம் எறும்புகூட வரும். அந்த அழுக்குத் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் படம் எடுங்கள். என் 14 சிலைடில் கூட்டம் எழுந்து கிட்டே வந்து பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

5. பில்டர்: இரண்டு சிலைடு, குறைக்காதீர்கள்

பில்டர் உடம்பிலேயே ஓர் அம்புக்குறி வார்த்திருக்கும். கறுப்பு மேல் கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் அந்தத் திசையில்தான் போகவேண்டும். திருப்பிப் போட்டாலும் தண்ணீர் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் அழுக்கு உள்பக்கம் தங்கிக் கழுவினாலும் சரியாகப் போகாது. படம் எடுப்பதற்கு முன்னால் அந்த அம்பின்மேல் வெள்ளைச் சாக்கட்டி தேய்த்துவிடுங்கள்.

இன்னொரு சிலைடு கழுவுவது. தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் 120 மெஷ் பில்டர்தான் இங்கே அதிகம் போகிறது. பம்பை நிறுத்து, வால்வை மூடு, மூடியைத் திற, தட்டுகளைத் தளர்த்து, ஒவ்வொன்றாக விரலால் பிரித்துத் தண்ணீரில் அலசு. அடுக்கோடு மேலே தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவதைத்தான் முக்கால்வாசிப் பேர் கழுவுவது என்கிறார்கள். தட்டுகள் தளர்ந்து விரல்கள் நடுவே பிரிந்திருக்கும் படம் முக்கியம்.

6. போத்தல் சோதனை: இதற்காகத்தான் மற்ற சிலைடெல்லாம்

என் கடைக்கு வரும் புகாரில் பெரும்பகுதி "தண்ணி வரல" என்ற ஒரே சொல்தான். எங்கே வரவில்லை, எவ்வளவு வரவில்லை என்று தெரிந்தால் காரணம் பாதி தெரிந்ததுபோல. அதற்கு அரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தல்கள் போதும். போத்தலின் தலையை வெட்டிவிட்டு, 200 மில்லி அளந்து ஊற்றி, அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். வரிசையின் முதல் பை, நடுப் பை, கடைசிப் பை என்று நான்கு வரிசைக்கும் பன்னிரண்டு போத்தல். குச்சியோடு குழாயைப் பிடுங்கிப் போத்தலில் வைத்து, பம்ப் போட்டுத் தண்ணீர் சீராக வந்ததும் ஆறு நிமிடம் எண்ணுங்கள்.

ஆறு நிமிடம் ஏன் என்றால், அது மணியில் பத்தில் ஒரு பங்கு. மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர் அதற்குள் 200 மில்லி விடவேண்டும். கணக்கே போடவேண்டாம், கோட்டைத் தொட்டதா இல்லையா என்று பார்த்தால் போதும். கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தால் பரவாயில்லை, பாதிதான் இருந்தால் வேலை இருக்கிறது.

இதற்கு மூன்று படம் வரையுங்கள், மூன்றிலும் ஒரே வரிசைப் போத்தல்கள். முதல் படத்தில் நடுவில் ஒன்று மட்டும் குறைவு, மற்றதெல்லாம் கோட்டில். அது அந்த ஒரு டிரிப்பரின் அடைப்பு, கழற்றிப் பார்த்தால் போதும். இரண்டாவதில் முதல் போத்தல் நிறைவு, போகப் போகக் குறைவு. நூறு அடி நீளம், 50 டிரிப்பர் என்பது 16 மில்லிமீட்டர் பைப்புக்குப் பெரிய சுமையே இல்லை. அதனால் "பைப் நீளம்" என்று சொல்லித் தப்பிக்கவேண்டாம். எங்கோ பைப் மடிந்திருக்கிறது, ஒழுகுகிறது, அல்லது கடைசி முனையில் சேறு கட்டியிருக்கிறது. வரிசை நெடுக நடந்து பார்த்துவிட்டு, முனையைத் திறந்துவிடுங்கள். மூன்றாவதில் எல்லாப் போத்தலும் ஒரே மாதிரி குறைவு. அப்போது பில்டர் அடைத்திருக்கிறது, அல்லது அழுத்தம் போதவில்லை.

அழுத்தம் என்ற சொல்லை நான் மேடையில் விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். "தொட்டியை மேல தூக்கி வெச்சா பம்ப் வேண்டாமே" என்று எல்லாரும் நம்புகிறார்கள். இரண்டு மீட்டர் மேடையில் தோங்கை வைத்தால் கிடைப்பது இரண்டு மீட்டர் தண்ணீரின் அழுத்தம்தான். டிரிப்பர் பெட்டியில் 2 லிட்டர் என்று போட்டிருப்பது 1 பார், அதாவது பத்து மீட்டர் உயரத்துக்கு. அழுத்தம் ஐந்தில் ஒன்றானால் தண்ணீர் ஐந்தில் ஒன்றாகாது, பாதிக்குச் சற்றுக் கீழே வரும். போத்தலில் சுமார் 90 மில்லி. அது பரவாயில்லை, கூட நேரம் விடலாம் என்பார்கள். ஆனால் அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் நிலம் ஒரு மீட்டர் ஏறினாலே மேட்டிலுள்ள செடிக்கு இன்னும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். அழுத்தத்தைத் தானே சமன் செய்யும் வகை டிரிப்பராக இருந்தால் இந்த உயரத்தில் அது சரியாக வேலையே செய்யாது. இதையெல்லாம் சொல்லாதீர்கள். ஒரு தென்னை மர உயரத்தில் ஒரு தோங், ஆள் உயரத்தில் ஒரு தோங், கீழே நிறைந்த போத்தலும் பாதிப் போத்தலும் வரையுங்கள். பக்கத்தில் அரைக் குதிரைசக்தி பம்ப் ஒன்று. படம் பேசிவிடும்.

7. அடைப்பின் நிறம்: பச்சை, பழுப்பு, வெள்ளை

கழற்றிய டிரிப்பரில் என்ன நிறத்தில் அழுக்கு இருக்கிறது என்பதை மட்டும் ஒரு சிலைடில் காட்டுங்கள். மூன்று நிறம், மூன்று காரணம்.

பச்சை வழவழப்பு பாசி. தோங்குக்குள் வெளிச்சம் போகிறது. மூடுங்கள் அல்லது கறுப்பாக்குங்கள். மூடினால் டிங்கிக் கொசுவும் முட்டையிடாது.

பழுப்புக் கூழ் இரும்பு. ஆழ்கிணற்றுத் தண்ணீர் எடுக்கும்போது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், வாளியில் இரவெல்லாம் வைத்தால் காலையில் மஞ்சளாகும். காற்றுப் பட்டதும் இரும்பு படிகிறது. பில்டர் இதைப் பிடிக்காது, ஏனென்றால் பில்டரைத் தாண்டும்போது அது கரைந்தே இருக்கிறது. அதனால் தண்ணீரை உயரத்திலிருந்து ஒரு தனித் தோங்கில் கொட்டவிட்டு, இரவு படியவைத்து, அடியிலிருந்து ஒரு சாண் விட்டு மேலிருந்து எடுக்கவேண்டும். இங்கே ஒரு சிக்கல்: இதற்குக் காற்று வேண்டும், பாசிக்கோ மூடவேண்டும். ஒரே தோங்கில் இரண்டும் நடக்காது. காற்றாடும் தோங் ஒன்று, மேலே கொசுவலை கட்டி. மூடிய தோங் ஒன்று. படத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். ஒரு தோங்கை மட்டும் வரைந்தால் மூடுவதா திறப்பதா என்று கேள்வி வரும், எனக்கு வந்தது.

வெள்ளை மாவு உரம். ஏ உரத்தையும் பி உரத்தையும் கெட்டிக் கரைசலாகவே ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். ஏயில் இருக்கும் கால்சியமும் பியில் இருக்கும் சல்பேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து கட்டியாகிவிடும். இரண்டையும் தனித்தனி வாளியில் கரைத்து, தண்ணீர் நிறைந்த தோங்கில் முதலில் ஏயை ஊற்றிக் கலக்கி, பிறகு பியை ஊற்றவேண்டும். வெள்ளை அடைப்புக்கு வினிகரில் ஊறப்போடச் சொல்கிறார்கள். தண்ணீரின் சுண்ணாம்பாக இருந்தால் கரையும், உரக் கட்டி பெரும்பாலும் கரையாது. டிரிப்பர் ஒன்று சில காசுதான், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவது மேல்.

8. தமிழ் எழுத்தும் சொற்களும்

என் வீட்டு லேப்டாப்பில் அழகாக இருந்த எழுத்து, மண்டபத்து லேப்டாப்பில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. அதில் நான் போட்ட எழுத்துரு இல்லை. விண்டோஸில் `Nirmala UI` இருக்கும், ஆனால் எல்லாக் கருவியிலும் இருக்காது. `Noto Sans Tamil` இலவசம். பவர்பாயிண்டில் `File > Options > Save` போய் `Embed fonts in the file` என்பதை டிக் செய்யுங்கள். அதை நம்பியும் இருக்காதீர்கள், `PDF` ஒன்றையும் பென்டிரைவில் வைத்திருங்கள். `PDF` செய்தபின் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பாருங்கள், கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கலாம்.

ஒரு சிலைடில் ஆறு சொல்லுக்கு மேல் வேண்டாம், 36 புள்ளிக்குக் குறையவும் வேண்டாம். சொற்கள் அவர்கள் வாயில் இருப்பவையாக இருக்கட்டும். 'உமிழி' என்று எழுதினேன், எதையோ துப்பச் சொல்கிறேன் என்று சிரித்தார்கள். டிரிப்பர், பில்டர், வால்வு, தோங், பைப் போதும்.

9. வாய்மூடிச் சோதனை, அச்சு, செலவு

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்னால், கொல்லை வைத்திருக்கும் ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் சிலைடுகளைக் காட்டி, "இதுல என்ன செய்யச் சொல்லுது?" என்று மட்டும் கேளுங்கள். என் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். முனையைத் திறந்துவிடும் படத்தைப் பார்த்து, "பைப் கழண்டுபோச்சு, மாட்டச் சொல்லுது" என்றார். முனை மூடியைப் பிடித்திருக்கும் இன்னொரு கையைச் சேர்த்து மறுபடி எடுத்தேன். எழுத்துப் பிழை பார்க்கப் படித்தவர்களிடம் கொடுங்கள், படப் பிழை பார்க்கக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு எல்லாமே புரிந்துவிடும்.

பகல் வெளிச்சத்தில் கோயில் மண்டபத்தில் புரொஜெக்டர் வெளிறிப்போகும். நான்கு பக்கமும் திறந்த மண்டபம், திரைச்சீலை கிடையாது. அதனால் ஏ3 அளவில் வண்ண அச்சு எடுத்து லேமினேட் செய்துவிடுங்கள். எனக்கு அச்சு ஒரு தாள் 3 வெள்ளி, லேமினேட் 4 வெள்ளி, 14 தாளுக்கு 98 வெள்ளி ஆனது. பயிற்சிக்கு வாங்கிய டிரிப்பர், பத்தடி பைப், துளைக் கருவி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 300 வெள்ளியைத் தாண்டவில்லை. காசைக் கொடுக்கும் கமிட்டிக்காக ரசீது ஒவ்வொன்றையும், வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட தாளையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

நேரம்: முழுப் படமும் கணக்கும் இருபது நிமிடம், பொருத்துவது நாற்பது நிமிடம், அதில் ஒவ்வொருவரும் ஒரு துளையாவது போடவேண்டும். பிறகு தேத்தண்ணி. போத்தல் சோதனையையும் நிறத் தாளையும் மண்டபத்தில் ஐந்து நிமிடம் காட்டிவிட்டு, எல்லாரையும் பக்கத்துக் கொல்லைக்குக் கூட்டிப்போய் அங்கேயே செய்யுங்கள். பதினொன்றரைக்கு மேல் இழுக்காதீர்கள்.

முடிந்ததும் போத்தல் தாளையும் நிறத் தாளையும் அந்தக் கொல்லையின் பம்ப் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நான்கு மூலையிலும் துளை போட்டுக் கேபிள் டையால் கட்டினால் காற்றில் ஆடாது. கிழக்கு வெயில் படாத பக்கமாகக் கட்டுங்கள். முதல் தடவை இங்க்ஜெட்டில் அச்செடுத்துக் கட்டியது இரண்டு மாதத்தில் வெளுத்து, பச்சையும் பழுப்பும் ஒரே நிறமாகிவிட்டது. லேசர் அச்சாகக் கேட்டு வாங்குங்கள்.